குறையாத பதினான்கு நாட்கள்

ராஜபாளையத்திலிருந்து கிழக்கே சத்திரப்பட்டிக்குப் போகும் சாலையில் ஊர் வருவதற்கு முன்பே விசைத்தறிச் சத்தம் வந்துவிடும். அக்கம்பக்கத்து ஊர்களிலும் இதே தொழில்தான். காயத்தின் மேல் வைக்கும் காஜ் துணியும், அதைச் சுற்றிக் கட்டும் பேண்டேஜும் இங்கே நெய்யப்பட்டு நாட்டின் பல மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகின்றன. நூல் ஓரிடம், பாவுக்குக் கஞ்சி போடுவது ஓரிடம், தறி ஓரிடம், பிளீச்சிங் வேறோரிடம், வெட்டி மடித்துப் பொட்டலம் போடுவது இன்னோரிடம் என்று ஒரே துணி பல கைகள் மாறிப் போகிறது. அதனால் ஒரு கையில் ஏற்படும் தாமதம் அடுத்தடுத்த கைகளை எல்லாம் காத்திருக்க வைக்கும். கெடு நீட்டிப்பு கேட்டு மேலாளருக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை இந்தத் தொழிலில் யாருக்கும் எப்போதாவது வரத்தான் செய்யும்.

அப்படி எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கி, "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். நடுவில் ஒரு புதுத் தேதி இருக்கும். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று எழுதியவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பத்து நாள் கேட்டால் ஐந்து நாளாவது கிடைக்கும் என்ற பேரம்தான் அதில் இருக்கும். மேலாளரும் அதே கணக்கில் பாதியை வெட்டுவார். கடைசியில் இருவருக்கும் தெரிந்தே ஒரு பொய்த் தேதி கப்பல் கம்பெனிக்கும் வாங்குபவருக்கும் போய்ச் சேரும். இதை மாற்ற முடியும் என்று நம்புகிறேன். அதற்கு ஒரு நல்ல கடிதம் எப்படி உருவாகிறது என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

கற்பனையான ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். நாட்காட்டி மட்டும் உண்மையானது, 2024-ஆம் ஆண்டுடையது. கிருமி நீக்கிய காஜ் பொட்டலங்கள் அறுபதாயிரம். தொழிற்சாலையை விட்டுச் சரக்கு கிளம்ப வேண்டிய நாள் செப்டம்பர் 10, செவ்வாய். பிளீச்சிங் முடிந்த துணி ஆகஸ்ட் 3, சனிக்கிழமை வந்து சேர்கிறது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பொட்டலம் வீதம் வெட்டி, மடித்து, உறையில் போட்டு ஒட்ட பன்னிரண்டு வேலை நாட்கள். ஆகஸ்ட் 7 ஆடிப்பூரம், 15 சுதந்திர தினம், இரண்டு ஞாயிறு போக, 20-ஆம் தேதி பொட்டலம் முடியும். 21 முதல் 23 வரை எத்திலீன் ஆக்சைடு வாயு அறையில் கிருமி நீக்கம், பிறகு ஒட்டியிருக்கும் வாயு வெளியேறக் காற்றோட்டம். 24-ஆம் தேதி மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். செப்டம்பர் 7-க்குச் சோதனை முடிந்து, 9-ஆம் தேதி அறிக்கை வந்து, 10-ஆம் தேதி லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உபரியாக ஒரு நாள் கூட அதில் இல்லை.

சோதனைக்கு ஏன் இரண்டு வாரம் என்று புதிதாக வரும் மேலாளர்கள் கேட்பார்கள். கிருமி நீங்கியதா என்பதை ஆய்வகம் வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொட்டலத்திலிருந்து எடுத்த துணியை இரண்டு வகை ஊட்டக் கரைசல்களில் இட்டு, ஒன்றை 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும், மற்றொன்றை 20 முதல் 25 டிகிரியிலும் பதினான்கு நாள் வைத்திருப்பார்கள். முதல் வகையில் பாக்டீரியா இருந்தால் தெரியும். இரண்டாவதில் பூஞ்சையும் தெரியும். கரைசல் கலங்காமல் தெளிவாகவே இருந்தால் துணி தேறியது. மெதுவாக வளரும் கிருமி பன்னிரண்டாம் நாளில் கூடத் தலைகாட்டலாம் என்பதற்காகத்தான் அத்தனை நாள். கூடுதல் ஆள் போட்டாலும், இரட்டைக் கூலி கொடுத்தாலும், முதலாளியே ஆய்வகத்துக்குப் போன் பண்ணினாலும் அது பதின்மூன்று நாளாகாது.

கெடுவை மாற்றக் கேட்பவர் முதலில் தேட வேண்டியது இந்த மாதிரியான படியைத்தான். எந்தப் படி குறையாதோ அதை முதலில் நட்டுவிட்டு, மற்றவற்றை அதன் இரு பக்கமும் அடுக்கினால் புதுத் தேதி தானாக வந்து நிற்கும்.

இனி சிக்கலுக்கு வருவோம். ஆகஸ்ட் 3 அன்று வந்த துணி இரண்டு லாட். காஜ் துணிக்கு உயிரே உறிஞ்சும் தன்மைதான். அதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு துண்டை அகன்ற பாத்திரத்துத் தண்ணீரின் மேல் மெல்ல விட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பத்து நொடிக்குள் துணி முழுதும் நனைந்து அமிழ வேண்டும். முதல் லாட் நான்கு நொடியில் போய்விடுகிறது. இரண்டாம் லாட்டின் துண்டு தண்ணீரின் மேல் வெள்ளையாக, விறைப்பாக மிதந்துகொண்டே இருக்கிறது. ஓரங்கள் மட்டும் நனைகின்றன. இருபத்தைந்து நொடி கழித்துத்தான் இறங்குகிறது. கண்ணுக்கு இரண்டு லாட்டும் ஒரே வெள்ளைதான். தொட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வெட்டி மடித்துப் பொட்டலமாகி, வாயு அறைக்கும் போய் வந்து, வாங்குபவரின் மேசையில் மிதந்திருந்தால் ஆர்டர் முழுவதும் திரும்பி வந்திருக்கும்.

ஏன் மிதக்கிறது? நெய்யும்போது பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போடுகிறார்கள். கஞ்சியோடு மெழுகோ கொழுப்போ சேரும். பஞ்சுக்கும் இயற்கையாக ஒரு மெழுகு உண்டு. பிளீச்சிங்கில் காஸ்டிக் சோடா போட்டு வேக வைப்பது இவற்றை எல்லாம் எடுக்கத்தான். அதற்குப் பிறகுதான் வெளுப்பு. எனவே துணி வெளுத்திருப்பதும் மெழுகு போயிருப்பதும் ஒன்றல்ல. மிதக்கும் துணியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால், கஞ்சி மிச்சமிருந்தால் நீலமாகும். இந்தத் துணியில் நீலம் வரவில்லை. கஞ்சி போய்விட்டது, மெழுகுதான் நிற்கிறது. அதனால் மறுபடி காஸ்டிக்கில் வேக வைக்க வேண்டும். வெறும் அலசல் போதாது. அதிகமாக வெந்தாலும் வெளுத்தாலும் நூல் பலமிழக்கும் என்பதால் முதலில் சில மீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் லாட் முழுவதையும் இறக்க வேண்டும்.

காரணத்தை இந்த அளவுக்குத் தெரிந்துகொண்டு எழுதுவதற்கும் "துணியில் தரக்குறைபாடு" என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் பெரியது. அயோடின் சொட்டு விட்டவருக்கு எத்தனை நாள் தேவை என்று தெரியும். விடாதவர் ஊகிக்கத்தான் முடியும். மேலாளருக்கும் எழுதியவர் பார்த்துவிட்டு எழுதுகிறாரா என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

பிளீச்சிங் பட்டறையில் வேறு ஆர்டர்கள் வரிசையில் நிற்கின்றன. ஆகஸ்ட் 12-இல்தான் இடம் கிடைக்கும் என்கிறார்கள். 12, 13, 14, பிறகு 15 விடுமுறை, 16. துணி காய்ந்து வந்து 17-ஆம் தேதி சனிக்கிழமை அமிழ்வுச் சோதனை. 19 முதல் 24 வரை மீதி முப்பதாயிரம் பொட்டலம். 26 முதல் 28 வரை வாயு அறை. 29-இல் ஆய்வகத்துக்குப் போனால் செப்டம்பர் 12 வரை பதினான்கு நாள். 13-இல் அறிக்கை, 14-இல் லாரி. ஆக உண்மையான தாமதம் நான்கு நாள்தான். மிதந்த துணியைப் பார்த்த பதற்றத்தில் இருபது நாள் கேட்டிருக்கக் கூடும். கணக்குப் போட்டால் நான்கு.

நல்ல லாட்டின் கதை இதைவிட நல்லது. அதை 5-ஆம் தேதியே வெட்டத் தொடங்கினால் 12-ஆம் தேதி முப்பதாயிரம் பொட்டலம் முடிந்துவிடும். 13, 14, 16-இல் வாயு அறை. 17-இல் மாதிரிகள் ஆய்வகத்துக்கு. ஆகஸ்ட் 31-இல் சோதனை முடிந்து, செப்டம்பர் 2-இல் அறிக்கை. முதல் பாதி, பழைய கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தயார். எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்காமலேயே நாமாக முடிவு செய்துகொண்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

இப்போது மேற்பார்வையாளர் ஆகஸ்ட் 5 அன்று எழுதும் கடிதம்.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். 60,000 காஜ் பொட்டல ஆர்டரில் பாதிச் சரக்கின் புறப்பாட்டுத் தேதியை செப்டம்பர் 10-இலிருந்து 18-க்கு மாற்ற அனுமதி கேட்டு எழுதுகிறேன். மீதிப் பாதி செப்டம்பர் 3 அன்றே தயாராக இருக்கும்.

சனிக்கிழமை வந்த இரண்டு லாட் துணியில் ஒன்று அமிழ்வுச் சோதனையில் தேறவில்லை. பத்து நொடிக்குள் அமிழ வேண்டியது இருபத்தைந்து நொடி எடுத்தது. மூன்று இடங்களில் வெட்டி எடுத்துப் பார்த்தோம், மூன்றும் அப்படியே. அயோடினில் நீலம் வரவில்லை. மெழுகு முழுதாகப் போகவில்லை என்று கருதுகிறோம். மறுபடி வேக வைக்க பிளீச்சிங்கில் 12-ஆம் தேதி இடம் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன் சில மீட்டரை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தேறிய லாட்டில் இன்று வேலை தொடங்கிவிட்டது. அது 12-ஆம் தேதி முடியும். இரண்டாம் லாட்டின் பொட்டலம் 24-ஆம் தேதியும், கிருமி நீக்கம் 28-ஆம் தேதியும், ஆய்வகச் சோதனை செப்டம்பர் 12-ஆம் தேதியும் முடியும். கணக்குப்படி 14-ஆம் தேதி சரக்கு கிளம்பலாம். 18 என்று கேட்பது, பிளீச்சிங்கிலோ வாயு அறையிலோ ஓரிரு நாள் தள்ளினால் மறுபடி உங்களிடம் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக. அந்த நான்கு நாள் தேவைப்படாவிட்டால் 14-இலேயே அனுப்புகிறோம்.

ஓவர்டைம் போட்டு ஈடுகட்ட முடியுமா என்று பார்த்தேன். 13 முதல் 17 வரை வெட்டும் பிரிவில் துணியே இருக்காது. அந்த நாட்களில் ஆட்களை உறை எண்ணுவதற்கும் பெட்டி தயாரிப்பதற்கும் மாற்றுகிறேன். 19 முதல் 24 வரை தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால் ஒரு நாள் மிச்சமாகும். இரட்டைக் கூலி கொடுத்து அந்த ஒரு நாளை வாங்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. ஆடிப்பூரத்தன்று வேலை வைப்பதால் பயனில்லை.

உங்களிடமிருந்து இரண்டு முடிவுகள் வேண்டும். இரண்டு தவணையாக அனுப்ப வாங்குபவர் சம்மதிப்பாரா என்பது ஒன்று. உயிர்க் குறியீட்டு முடிவை மட்டும் வைத்து இரண்டாம் பாதியை விடுவிக்க அவர் ஒப்புவாரா என்பது இன்னொன்று. ஒப்பினால் ஒரு வாரம் மிச்சமாகும். 8-ஆம் தேதி மாலைக்குள் தெரிந்தால் நல்லது. 9-ஆம் தேதி வாயு அறைக்கு நாள் உறுதி செய்ய வேண்டும். தேறாத லாட்டின் சோதனைத் தாளும் பிளீச்சிங் ரசீதும் இணைத்திருக்கிறேன்."

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு ஒரு வரி கூட இல்லை. பணிவுக் குறைவால் விட்டதல்ல. மேலாளர் இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஏற்றுமதிப் பிரிவுக்கும், அங்கிருந்து வாங்குபவருக்கும் போக வேண்டும். அவர் கையில் எடுத்துக்கொண்டு போகத் தக்கவை மட்டும் அதில் இருந்தால் போதும்.

ஆடிப்பூரம் பற்றிய வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரோட்டம் இந்த வட்டாரத்தின் பெருநாள். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். தேர் வடம் பிடிக்கப் போகாத வீடு இங்கே குறைவு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று தேரோட்டம். கெடு நெருக்கும்போது மேலே இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது இந்த மாதிரி விடுமுறைகளைப் பறிப்பதுதான். கணக்கைப் பார்த்தால், 7-ஆம் தேதி வேலை பார்த்திருந்தால் நல்ல லாட் 12-க்குப் பதில் 10-ஆம் தேதி முடிந்திருக்கும். பிறகு மறுசலவைத் துணி வரும் வரை இன்னும் ஒரு வேலை நாள் கூடுதலாகக் கைகட்டி நின்றிருப்பார்கள். கடைசித் தேதி ஒரு மணி நேரம் கூட முன்னால் வந்திருக்காது. எந்தப் படி மொத்த வேலையையும் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் போடும் ஓவர்டைம் ஆட்களைக் களைப்பாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. வெட்டும் பிரிவில் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களுடைய தேர்த்திருநாளைக் காப்பாற்றுவது இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எழுத, மேற்பார்வையாளர் முழுக் கணக்கையும் போட்டிருக்க வேண்டும்.

உயிர்க் குறியீடு என்று கடிதத்தில் வருவதையும் விளக்கிவிடுகிறேன். வாயு அறைக்குள் சரக்கோடு சேர்த்து, எத்திலீன் ஆக்சைடுக்கு எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகள் தடவிய சிறு பட்டைகளை வைப்பார்கள். வெளியே எடுத்து வளர்த்துப் பார்ப்பது வழக்கமாக ஏழு நாள். அவையே செத்துவிட்டால் மற்றவை பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பது தர்க்கம். கிருமி நீக்க முறை முன்பே முறையாக நிறுவப்பட்டிருந்தால் சில வாங்குபவர்கள் இதை வைத்தே சரக்கை ஏற்பார்கள். ஒப்பந்தத்தில் பதினான்கு நாள் சோதனை என்று எழுதியிருந்தால் ஏற்கமாட்டார்கள். இது நோயாளியின் காயத்தோடு சம்பந்தப்பட்டது. ஆகையால் தளத்தில் இருப்பவர் தானாக ஏழு நாள் என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. கேள்வியாகத்தான் வைக்க வேண்டும். திட்டம் பதினான்கு நாளை வைத்தே நிற்க வேண்டும்.

கடிதம் போகும் நாள் இன்னொரு முக்கிய விஷயம். ஏற்றுமதி ஆர்டர் வங்கி எல்.சி. மூலம் நடந்தால், சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டிய கடைசித் தேதி அதில் அச்சிட்டிருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றிய சரக்கின் பத்திரங்களை வங்கி ஏற்காமல் மறுக்கலாம். தேதியைத் திருத்த வாங்குபவர் தன் வங்கியிடம் கேட்டு, அந்த வங்கி திருத்தம் அனுப்பி, நம் பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் நடக்கச் சில நாட்களாவது ஆகும். தவணையாக அனுப்புவதை எல்.சி. வெளிப்படையாகத் தடுக்காவிட்டால், பன்னாட்டு வங்கி விதிகளின்படி அது அனுமதிக்கப்பட்டதே. ஆகஸ்ட் 5-இல் கடிதம் போனால் இத்தனைக்கும் அவகாசம் உண்டு. அதே கடிதம், அதே காரணம், அதே கணக்கோடு செப்டம்பர் 8-இல் போனால் மேலாளர் கையில் செய்வதற்கு எதுவும் இருக்காது. சோதனையில் துணி மிதந்த அன்றைக்கும் கடிதம் போன அன்றைக்கும் இடையே எத்தனை நாள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உள்நாட்டு ஆர்டரிலும் எழுத்துக்கு வேலை இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு, வாக்குப் பெற்றவர் அதை நிறைவேற்றும் காலத்தை நீட்டித்துத் தரலாம் என்கிறது. போனில் "சரி, பார்த்துக்கலாம் அண்ணாச்சி" என்று சொன்னது நீட்டிப்புதானா என்ற வழக்கு பிறகு வந்தால் நிரூபிப்பது கடினம். அரசுக் கொள்முதலில் தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம் என்ற வகையில் பிடித்தம் செய்வது வழக்கம். அங்கே நீட்டிப்பு ஆணையில் பிடித்தம் உண்டா, இல்லையா என்பதையும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்று கடிதம் பேசாமல் விட்டதும் தெரிந்தே செய்ததுதான். கஞ்சி போட்ட இடத்தில் மெழுகு கூடிப்போனதா, பிளீச்சிங்கில் நேரம் குறைந்ததா என்பது ஆகஸ்ட் 5-இல் யாருக்கும் தெரியாது. தெரியாததை வைத்து ஒருவரைச் சுட்டினால், 12-ஆம் தேதி துணியை மறுபடி வேக வைத்துத் தர வேண்டியவரே கோபித்துக்கொண்டு போவார். பண விவகாரம் தனி. அதற்கு மாதிரித் துணியைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும்.

ஆகஸ்ட் 17-ஆம் தேதிக்கு ஒரு சிறு கடிதம் பாக்கி இருக்கிறது. மறுசலவைத் துணி அன்றைக்கு அமிழ்ந்துவிட்டால், "தேறியது, 18 என்ற தேதி நிற்கிறது" என்று ஒரே வரி போதும். மறுபடி மிதந்தால், மூன்றாம் முறை வேக வைக்கக் கூடாது. நூல் தாங்காது. அந்த நிலையில் சத்திரப்பட்டியில் வேறு யாரிடமாவது தயாராக இருக்கும் வெளுத்த துணியை, அதே நூல் நம்பர், அதே நெருக்கம் பார்த்து, அமிழ்வுச் சோதனையும் போட்ட பிறகே வாங்க வேண்டும். தரப் பிரிவு ஒப்ப வேண்டும், வாங்குபவருக்கு லாட் மாறியதைச் சொல்ல வேண்டும். 19-ஆம் தேதிக்குப் பதில் 22-ஆம் தேதி துணி கைக்கு வந்து, ஞாயிறு போக 28 வரை பொட்டலம், 29 முதல் 31 வரை வாயு அறை, செப்டம்பர் 2-இல் மாதிரிகள் ஆய்வகத்துக்கு, 16 வரை சோதனை, 17-இல் அறிக்கை. 18-ஆம் தேதி லாரி கிளம்பும்.